ஆறாவது ஸ்லைடில் நின்றுபோன செமினார்

முதல் தடவை செமினார் கொடுக்கப் போனபோது என்னிடம் 31 ஸ்லைடுகள் இருந்தன. பேச 20 நிமிடம். ஆறாவது ஸ்லைடில் ஒருவன் கேள்வி கேட்டான். அதற்குப் பிறகு எங்கே போனேன், எதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாக நினைவில்லை. பன்னிரண்டாவது ஸ்லைடில் நேரம் முடிந்தது. கடைசி பெஞ்சில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சார் எழுந்து, "சரிம்மா, அடுத்த வியாழக்கிழமை இதையே மறுபடி கொண்டு வா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டெல்டாவில் ஒரு கல்லூரியில் முதுகலை சுற்றுச்சூழல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் இருபத்திரண்டு பேர். பாதிக்கு மேல் விவசாய வீட்டுப் பிள்ளைகள். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு நெல் வயலில் உண்டாவதைக் குறைக்கும் நீர்ப் பாய்ச்சல் முறை. புத்தகத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. எங்கள் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க விடாமல், கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது.

விஷயம் எளிது. வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. சில நாளில் மண்ணில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்போது ஆக்சிஜன் இல்லாமலேயே வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேனாக வெளிவிடும். அதில் பெரும்பகுதி நெற்பயிருக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியாகவே மேலே வருகிறது. இடையிடையே தண்ணீரை வடியவிட்டால் மண்ணுக்குள் காற்று போகும், மீத்தேன் குறையும். அவ்வளவுதான். இந்த அவ்வளவுதானைச் சொல்ல எனக்கு எதற்கு 31 ஸ்லைடு? படித்ததில் எதையும் விட மனசு வரவில்லை, அதுதான் காரணம்.

அந்த ஆறாவது ஸ்லைடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைப்பு "அட்டவணை 2". கீழே பதினான்கு வரிசை எண்கள், அறிக்கையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியது. மூன்றாவது பெஞ்சில் இருப்பவனுக்கே தெரியாத அளவில் எழுத்து. நான் "இதில் பார்த்தீர்களென்றால்" என்று ஆரம்பித்ததும் மன்னார்குடிக்காரன் (வகுப்பில் எல்லோருக்கும் ஊர்ப்பெயர்தான்) கையைத் தூக்கினான்.

"இதெல்லாம் எந்த மண்ணுல? எங்க ஊர்ல களிமண்ணு. காயவிட்டா வெடிச்சிடும். அப்புறம் பாய்ச்சுற தண்ணி மொத்தமும் வெடிப்புக்குள்ளதான் போகும்."

நல்ல கேள்வி. மண் பற்றி என்னிடம் ஒரு ஸ்லைடும் இருந்தது. அது எத்தனையாவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக முன்னே தள்ளினேன். பதினெட்டுவரை போய் இல்லையென்று பின்னே வந்தேன். இருபத்திரண்டு பேரும் என் செமினாரின் முடிவுரை வரை மின்னல் மாதிரி பார்த்துவிட்டார்கள். திரும்பி "அட்டவணை 2"க்கு வந்தபோது, அதை எதற்காக வைத்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தலைப்பில் ஏதாவது எழுதியிருந்தால்தானே ஞாபகம் வரும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. என் தோழியிடம் முன்கூட்டியே ஒரு சுலபமான கேள்வி கொடுத்து, கடைசியில் கேட்கச் சொல்லி வைத்திருந்தேன். நான் தடுமாறுவதைப் பார்த்து, காப்பாற்றுவதாக நினைத்து அவள் அதை அங்கேயே கேட்டுவிட்டாள். அதற்கான பதில் இருபத்தேழாவது ஸ்லைடில் இருந்தது. மன்னார்குடிக்காரன் செய்ததைவிட இது பெரிய சேதம். அதன் பிறகு யாரிடமும் கேள்வி கொடுத்து வைப்பதில்லை.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு, நோட்டில் ஒரே வாக்கியம் எழுதப் பார்த்தேன். வகுப்பை விட்டு வெளியே போகும்போது எல்லோர் மனதிலும் எது நிற்க வேண்டும்? முதலில் எழுதியது: "காய்ச்சலும் பாய்ச்சலும் முறையால் நெல் வயலின் மீத்தேனைப் பாதியாகக் குறைக்கலாம்."

எழுதியதும் மன்னார்குடிக்காரனின் குரல் காதில் கேட்டது. எந்த வயல்? சம்பாவிலா? ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வயலை எப்படிக் காயவிடுவாய்? கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நம் முறை வரும் நாளில் பாய்ச்சாவிட்டால் அடுத்த முறை வரை என்ன செய்வது? எதற்கும் அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. கேள்விகள் கூர்மையாக இருந்தது அவன் குற்றமில்லை, என் வாக்கியம்தான் அகலமாக இருந்தது.

மூன்று நாள் அடித்துத் திருத்திக் கடைசியில் இப்படி வந்தது: "பம்புசெட் உள்ள குறுவை வயலில், தண்ணீர் மட்டத்தை மண்ணில் புதைத்த குழாயில் பார்த்துப் பாய்ச்சினால், மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கலாம், காயும் மண்ணில் கூடும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு அந்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்னும்." அழகான வாக்கியம் இல்லைதான். ஆனால் கேட்கப்போகும் கேள்விகளில் பாதி இதற்கு வெளியே போய்விட்டன. சம்பா வெளியே, வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பிய கடைமடை வெளியே. யாராவது அதைக் கேட்டால், "அதை நான் சொல்லவில்லை, ஏன் என்று ஒன்பதாவது ஸ்லைடில் வருகிறது" என்று சொல்லலாம். அது தப்பிப்பது ஆகாது, வரப்பு எங்கே என்று காட்டுவது.

வாக்கியம் குறுகியதும் ஸ்லைடும் குறைந்தது. அதற்குத் தேவைப்படாததை எல்லாம் எடுத்தேன். உலக நெல் உற்பத்திப் படம், மீத்தேன் மூலக்கூறு, முறையின் வரலாறு, எல்லாம் போயின. 11 மிஞ்சியது.

அப்புறம் தலைப்புகள். எனக்கு அதிகம் உதவியது இதுதான். "அறிமுகம்", "முடிவுகள்", "அட்டவணை 2" என்பவற்றையெல்லாம் தூக்கிவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும் முழு வாக்கியமாக எழுதினேன். அட்டவணை ஸ்லைடின் புதுத் தலைப்பு: "தண்ணீரைப் பலமுறை வடியவிட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகிறது." பதினான்கு வரிசை போய் மூன்றே எண்கள் நின்றன. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி, நாடுகளின் கணக்கெடுப்புக்காக 2019-ல் திருத்திக் கொடுத்த காரணிகள் அவை. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயல் 1.00 என்றால், ஒருமுறை வடியவிட்டது 0.71, பலமுறை வடியவிட்டது 0.55. எண்களை 40 புள்ளி அளவில் போட்டேன். எங்கள் வகுப்பு ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. மத்தியான வெயிலில் அந்தப் புரொஜெக்டரில் சின்ன எழுத்தும் வெளிர் நிறமும் சுவரோடு சுவராகிவிடும்.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். பதினொன்றும் சேர்ந்து ஒரு பேச்சு மாதிரி ஓடினால் சரி. என்னுடையதில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே தடுக்கியது. "தண்ணீர் மட்டம் 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்ச வேண்டும்" என்பதிலிருந்து நேராக "மீத்தேன் பாதியாகிறது" என்று தாவியிருந்தேன். நடுவில் மண்ணுக்குள் காற்று போவதைச் சொல்லும் ஸ்லைடு, அடுக்கும்போது ஏழாவது இடத்துக்குப் போயிருந்தது. எடுத்து நடுவில் வைத்தேன்.

நன்றி சொல்லும் ஸ்லைடுக்குப் பிறகு நான்கு ஸ்லைடுகளை ஒளித்து வைத்தேன். மண் வகை, கணக்கு, காரணிகளின் ஏற்ற இறக்கம், முறைப்பாசனம். அவற்றின் எண்களை உள்ளங்கையளவு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டினேன்: மண் 13, கணக்கு 14, இறக்கம் 15, முறை 16. பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போது 14 என்று தட்டி `Enter` அழுத்தினால் நேராக அங்கே போகும். அதேபோல் 6 `Enter` என்றால் திரும்பி வரும். இது தெரியாமல்தான் முதல் வாரம் பதினெட்டு வரை ஓட்டிக் காட்டினேன். `B` எழுத்தைத் தட்டினால் திரை கறுப்பாகும், எல்லோரும் நம் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் சொல்லும்போது அது நல்லது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால் கல்லூரிக் கம்ப்யூட்டரில் அது பூச்சி பூச்சியாகத் தெரியும். எனக்கு ஒரு தலைப்பு அப்படி ஆனது. யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் நகலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வியாழக்கிழமை ஒரு குழாயும் கொண்டு போனேன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பது போல 30 செ.மீ. நீளத் துண்டு. கீழ்ப்பாதியைச் சுற்றி ஓட்டை போட்டு மண்ணில் புதைக்க வேண்டும், மேல்பாதி வெளியே நிற்கும். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், மண்ணுக்குக் கீழே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மட்டம் மண்ணிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும், வயலில் 5 செ.மீ. நிற்கும்வரை பாய்ச்ச வேண்டும். நட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் களை வராமலிருக்கத் தண்ணீர் நிற்கட்டும். பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது. வீட்டில் கிடந்த பிவிசி குழாயை அப்பாதான் அறுத்துக் கொடுத்தார். "இதை வச்சு என்ன பாப்பா பண்ணப்போற, வகுப்புல நாத்து நடப்போறியா?" என்று கேட்டார்.

குழாயை ஆரம்பத்திலேயே சுற்றுக்கு விட்டேன். அது தப்பு. நான் மூன்றாவது ஸ்லைடு பேசும்போது பின் பெஞ்சு முழுக்கக் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் கொடுக்கும் பொருள் எதுவானாலும், அதைப் பற்றிய ஸ்லைடு வரும்போது தூக்கிக் காட்டி, மேஜையிலேயே வைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு எடுத்துப் பார்க்கட்டும்.

கேள்விகளுக்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். கரும்பலகையின் இடது ஓரத்தில் கோடு போட்டுப் பிரித்துவிட்டேன். கேள்வி வந்ததும் அதை என் வார்த்தையில் ஒருமுறை திரும்பச் சொல்வேன். "மண் வெடிக்குமே, அப்போது தண்ணீர் மிச்சமாகுமா என்று கேட்கிறாய், சரியா?" அவன் தலையாட்டினால் பேசலாம், இல்லையென்றால் அவனே திருத்துவான். பாதி நேரம் நான் புரிந்துகொண்டதும் அவன் கேட்டதும் வேறாகத்தான் இருந்தன. அதற்குள் எனக்கும் யோசிக்க நான்கைந்து வினாடி கிடைக்கும்.

பிறகு ஒன்றைத்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பதில் இல்லாமல் திரையில் இருக்கும் தலைப்பை நம்ப முடியாதா? முடியாது என்றால் இப்போதே பதில். பின்னால் வரப்போவது என்றால், ஓரத்தில் இரண்டு வார்த்தையில் எழுதி, "ஒன்பதாவதில்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். எழுதிவிட்டதால் கேட்டவருக்கும் மனக்குறை இருக்காது, நானும் மறக்க மாட்டேன். பதில் எதுவானாலும், முடித்ததும் திரையில் இருக்கும் தலைப்பை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடர்வேன். தலைப்பு முழு வாக்கியமாக இருப்பதால் அதுவே என்னைக் கையைப் பிடித்து விட்ட இடத்துக்கு இழுத்து வந்துவிடும். "அட்டவணை 2" இதைச் செய்யாது.

அன்று வந்ததில் இரண்டு கேள்விகள் சொல்ல வேண்டியவை. முதலாவது, "45 சதவீதம் குறையும்ங்கிறியே, எங்க வயல்லயும் 45-ஆ?" என்று பாபநாசத்துப் பெண் கேட்டாள். இது தலைப்பையே தொடும் கேள்வி, தள்ளிப்போட முடியாது. 15 `Enter`. அந்த 0.55 ஒரு சராசரி. அறிக்கையே அதற்கு 0.41 முதல் 0.72 வரை ஏற்ற இறக்கம் கொடுக்கிறது. அப்படியென்றால் குறைவது 28 சதவீதமாகவும் இருக்கலாம், 59 சதவீதமாகவும் இருக்கலாம். "உன் வயலுக்கு எவ்வளவு என்று அளக்காமல் சொல்ல முடியாது" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். பாதியாகிறது என்று தலைப்பில் இருந்ததை அந்த இடத்திலேயே நான் "பெரும்பாலும்" சேர்த்து வாசித்தேன்.

இரண்டாவதுதான் நான் பயந்தது. கும்பகோணத்துப் பையன், நன்றாகப் படிப்பவன். "மண்ணைக் காயவிட்டு நனைச்சா யூரியாவிலேர்ந்து நைட்ரஸ் ஆக்சைடு அதிகமாகுமே. அது மீத்தேனைவிட மோசம். அப்ப லாபம் எங்க?"

திரையைக் கறுப்பாக்கிவிட்டுக் கரும்பலகைக்குப் போனேன். கணக்கு ஸ்லைடு இருந்தாலும், கேள்வி கேட்டவன் கண்முன்னே எழுதினால்தான் ஒவ்வொரு படியிலும் அவன் சம்மதத்தை வாங்கிக்கொண்டு போக முடியும். ஒரு ஹெக்டேர், 100 நாள் தண்ணீர் நிற்கும் பயிர் என்று வைத்துக்கொண்டேன். தெற்காசியாவுக்கு ஐபிசிசி கொடுக்கும் அடிப்படை நாளுக்கு 0.85 கிலோ மீத்தேன். நூறு நாளுக்கு 85 கிலோ. 0.55 ஆனால் குறைவது 38 கிலோ. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்கு சூடாக்கும் என்றால், ஏறக்குறைய 1,030 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான லாபம்.

"இதுவரைக்கும் சரியா?" என்றேன். "சரி" என்றான்.

அடுத்து நஷ்டம். 100 கிலோ தழைச்சத்து போடுவதாக வைத்தேன். அதில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் தழைச்சத்து, தண்ணீர் நின்றால் 0.3 சதவீதம், வடியவிட்டால் 0.5 சதவீதம். வித்தியாசம் 0.2 கிலோ. அதை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக்க 44/28-ஆல் பெருக்கினால் 0.31 கிலோ. அதற்கு 273 மடங்கு. வருவது சுமார் 86 கிலோ. ஆக 1,030-ல் 86-ஐ அது தின்கிறது, சுமார் 945 மிஞ்சுகிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்ததாகத் தெரிந்திருக்கும். ஆனால் படித்தபோது பார்த்த இன்னொன்றையும் சொன்னேன். மண்ணை ரொம்பக் காயவிட்ட வயல்களில் இதைவிட மிக அதிகமாக நைட்ரஸ் ஆக்சைடு அளக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் 15 செ.மீ. எல்லை, அதனால்தான் குழாய். உண்மையில் அவனுடைய எதிர்ப்புதான் குழாய் எதற்கு என்பதை என்னைவிட நன்றாக விளக்கியது. 6 `Enter`. தலைப்பை வாசித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

அவன் விடவில்லை. யூரியாவைப் பிரித்துப் போட்டால் என்னாகும் என்றான், பிறகு இன்னொன்று. மூன்றாவது சுற்றில், "இது நம்ம ரெண்டு பேர் பேச்சாயிடும்டா, ஓரத்துல எழுதிக்கிறேன், டீக்கடையில பேசலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும். கூடப் படிப்பவர்களிடம் இப்படிச் சொல்லலாம், வெளியிலிருந்து வரும் தேர்வாளரிடம் இந்த உரிமை கிடையாது.

18 நிமிடத்தில் பதினொன்றையும் முடித்தேன். பலகை ஓரத்தில் மூன்று கேள்வி மிஞ்சியிருந்தது. ஒன்றுக்குப் பதில் சொன்னேன், ஒன்று டீக்கடைக்குப் போனது. மூன்றாவது மன்னார்குடிக்காரனுடையது: "களிமண், வெடிப்பு". 13-வது ஸ்லைடில் மண் வகைப் பட்டியல்தான் இருந்தது, 15 செ.மீ. இறங்கும்போது அவன் ஊர்க் களிமண் எவ்வளவு வெடிக்கும் என்பது இல்லை. "தெரியாது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். சார் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த குறுவையில் அந்தக் குழாயை எங்கள் வயலில் ஒரு மூலையில் புதைத்தேன். எங்களுடையதும் களிமண்தான். நட்டு மூன்று வாரம் கழித்துத் தண்ணீரை நிறுத்தினோம். மழை இல்லாத ஆறாம் நாள் குழாயில் மட்டம் 15 செ.மீ.க்கு வந்தது. மேலே மயிரிழை மாதிரி கீறல் இருந்தது, விரல் நுழையும் வெடிப்பு இல்லை. இன்னும் நான்கு நாள் விட்ட பக்கத்துப் பாத்தியில் விரல் போனது. இரண்டையும் போட்டோ எடுத்து மன்னார்குடிக்காரனுக்கு அனுப்பினேன்.

ராத்திரி பதில் வந்தது. "அது உங்க வயல். பம்புசெட் இருக்கு, ஆறாம் நாள் பாய்ச்சிட்ட. ஆறாம் நாள் கரண்ட் இல்லன்னா?"

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.